பழம் கேட்டு வந்தவர்களுக்குப் பருப்பைக் காட்டுவது எப்படி: கடலூர் முந்திரிக் கடை ஒன்றின் இன்ஸ்டாகிராம் முகப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு முந்திரிக் கடை. அக்காவும் அவர் கணவரும் நடத்துகிறார்கள். பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் அவர்களுக்குக் கொட்டை உடைக்கும் கொட்டகை இருக்கிறது. அங்கே உடைத்து, தோல் நீக்கி, ரகம் பிரித்த பருப்பு கடைக்கு வந்து பாக்கெட்டாகிறது. கடைக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் உண்டு. கல்லூரியில் படிக்கும் அக்காவின் தங்கை மகன் அதைப் பார்த்துக்கொள்கிறான். நான் இந்த வட்டாரத்துச் சிறு கடைகளுக்கு இணையப் பக்கங்களை ஒழுங்குசெய்து தருகிறவன்.

கோடையில் அந்தப் பையன் போட்ட ஒரு ரீல் எதிர்பாராமல் பரவியது. தோப்பில் பழுத்துத் தொங்கும் முந்திரிப் பழத்தைப் பறித்து, கொட்டையைத் திருகி எடுத்து, பழத்தை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுச் சாப்பிடும் காட்சி. வெளியூர்க்காரர்கள் பலர் முந்திரிப் பழத்தையே பார்த்ததில்லை. ரீலைப் பார்த்தவர்கள் பெயரைத் தொட்டுக் கடையின் பக்கத்துக்கு வந்தார்கள். செய்திகள் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே கேள்வி: "பழம் அனுப்புவீங்களா?"

அனுப்ப முடியாது. முந்திரிப் பழம் பறித்த ஒரு நாளுக்குள் கசங்கிப் புளிக்கத் தொடங்கிவிடும், கூரியரில் தாங்காது. கடை விற்பது பருப்பு. ஆனால் பக்கத்தில் அதைச் சொல்லும் இடமே இல்லை. அதிகம் பேர் பார்த்தது என்பதால் அந்தப் பழ ரீலையே முதலிடத்தில் நகராமல் நிற்கும்படி பின் செய்திருந்தார்கள். இரண்டாவது பின் பொங்கல் வாழ்த்துப் படம். மூன்றாவது, காலாவதியான ஒரு தள்ளுபடி அறிவிப்பு. அதற்கு மேலே, பழைய ஸ்டோரிகளைச் சேர்த்து வைக்கும் ஹைலைட் வட்டங்களில் ஒன்றுக்குப் பெயரே இல்லை, இதயக்குறி மட்டும். திறந்தால் கடை திறப்பு, கோயில் திருவிழா, வாடிக்கையாளர் படம், தீபாவளி விலை எல்லாம் கலந்து நீளமாக ஓடியது.

இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் புதிதாக வருபவர் முதல் திரையில் பார்ப்பவை நான்குதான்: கடைப் பெயரும் படமும், இரண்டு மூன்று வரி அறிமுகம், ஹைலைட் வட்டங்களில் முதல் நாலைந்து, அதற்குக் கீழே பதிவுகளின் முதல் வரிசை. அந்த முதல் வரிசையில் மூன்று கட்டங்கள். 2022 முதல் பின் செய்ய அனுமதிக்கப்படும் பதிவுகளும் மூன்று. ஆகவே மூன்றையும் பின் செய்துவிட்டால் புதியவர் பார்க்கும் முதல் வரிசை முழுவதும் நம் கையில் இருக்கிறது. அந்த வரிசையையும் வட்டங்களையும் எப்படி மாற்றினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கேள்வி முதலில்

எந்தப் பதிவைப் பின் செய்யலாம் என்று பதிவுகளைப் பார்த்து முடிவெடுக்க உட்காரவில்லை. முதலில் செய்திப் பெட்டியைத் திறந்து, புதியவர்கள் அனுப்பிய முதல் செய்தியை மட்டும் ஒவ்வொன்றாகப் படித்தோம். பழத்தைக் கேட்டவர்களை ஒதுக்கிவிட்டால் மிஞ்சியவர்களில் பெரும்பகுதி கேட்டது "ரேட் என்ன?" அடுத்து "கூரியர் உண்டா?" அதற்கும் அடுத்து, கொஞ்சம் பேர் மட்டும், "முழுப் பருப்பா, உடைசலா?"

விலைதான் முதல் கேள்வி, ஆகவே விலைப்பட்டியலை முதலில் வைத்துவிடலாம் என்றான் பையன். அக்கா அதை ஒத்துக்கொள்ளவில்லை. "ரேட் சொன்னதும் அப்படியே போயிடறாங்க தம்பி. எங்க ஊர் சூப்பர் மார்க்கெட்ல இதவிட கம்மியா இருக்கேன்னு ஒருத்தர் ரெண்டு பேர் திருப்பிச் சொல்றாங்க. அங்க என்ன ரகம் வச்சிருக்கான்னு அவங்களுக்குத் தெரியாது."

அக்கா சொன்னதில்தான் இந்த வேலையின் முழு வரிசையும் இருந்தது. முந்திரியில் ரகம் தெரியாமல் விலையை ஒப்பிடவே முடியாது. 180, 240, 320 என்று வியாபாரத்தில் சொல்லும் எண்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை முழுப் பருப்பு என்பதைக் குறிக்கின்றன. ஒரு பவுண்டு என்பது ஏறக்குறைய 454 கிராம். எண் சிறியதானால் பருப்பு பெரியது, விலையும் அதிகம். 240 ரகம் என்றால் பவுண்டுக்கு 220 முதல் 240 பருப்பு, 320 என்றால் 300 முதல் 320. முழுப் பருப்புக்குக் கீழே இரண்டாகப் பிளந்த பாதி, அதற்கும் கீழே நொறுக்கு. பாயசத்துக்கு வறுத்துப் போட 240 வாங்குகிறவர் வீண் செலவு செய்கிறார். பரிசுப் பெட்டிக்குப் பாதியை வாங்குகிறவர் பெட்டியைத் திறக்கும்போது முகம் சுளிப்பார். இதை அறியாதவரிடம் விலையை மட்டும் சொன்னால் அவர் கையில் இருப்பது ஒப்பிட முடியாத ஓர் எண்.

மக்கள் முதலில் கேட்கும் கேள்வியும், அவர்களுக்கு முதலில் தெரியவேண்டிய விஷயமும் பல கடைகளில் ஒன்றாக இருப்பதில்லை. பின் செய்யும் வரிசை இரண்டாவதைப் பின்பற்ற வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் முதல் கேள்விக்கான பதில் அதே இடத்தில், தேடாமல் கிடைக்க வேண்டும். "விலைக்கு மெசேஜ் பண்ணுங்க" என்று எழுதி வைப்பது வாங்க நினைப்பவரை வாசலில் நிறுத்தி வைப்பது.

மூன்று பின்கள்

முதல் பின், ரகம் காட்டும் படத்தொகுப்பு. முதல் படத்தில் ஒரு வெள்ளைத் துணியில் 180, 240, 320, பாதி, நொறுக்கு ஐந்தும் வரிசையாக. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஐந்து ரூபாய் நாணயம், அளவு தெரிவதற்காக. அடுத்த படங்களில் ஒவ்வொரு ரகமும் தனியாக, அது எதற்குப் பொருந்தும் என்ற ஒற்றை வரியோடு. இதில் அக்காவின் யோசனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கால் கிலோ 240 ரகத்தை எடை போட்டு, தட்டில் பத்துப் பத்தாக அடுக்கிப் படம் எடுக்கச் சொன்னார். கணக்குப்படி கால் கிலோவில் 240 ரகம் ஏறக்குறைய 120 முதல் 130 வரை இருக்கும், 320 ரகம் 165 முதல் 175 வரை. "வீட்டுல இருக்கிற கால் கிலோ பாக்கெட்ட எண்ணிப் பாருங்க" என்று அந்தப் படத்தில் எழுதினோம். வேறு கடையில் வாங்கிய பருப்பையும் இதை வைத்து ஒருவர் சரிபார்க்கலாம். புதியவருக்கு இந்தக் கடை தரும் முதல் பொருள், பணம் வாங்காமல் தரும் ஓர் அளவுகோல்.

விலை எங்கே? படத்தில் இல்லை. முந்திரி விலை வாரத்துக்கு வாரம் அசையும். படத்தில் அச்சடித்துவிட்டால் மாற்ற முடியாது, பதிவை நீக்கிப் புதிதாகப் போடவேண்டும். அதோடு அதன் விருப்பக்குறிகளும் கருத்துகளும் போய்விடும். ஆனால் பதிவின் கீழ் எழுதும் குறிப்பை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தினாலும் பின் அவிழாது, இடமும் மாறாது. எனவே குறிப்பின் முதல் வரியே இந்த வார விலை: தேதி, ஐந்து ரகம், ஐந்து எண். நீளமான குறிப்பின் தொடக்கம் மட்டுமே வெளியே தெரியும், மீதி "more" தொட்டால்தான் திறக்கும். அதனால்தான் வணக்கம், வாழ்த்து எல்லாம் கீழே போய் விலை மேலே வந்தது. திங்கள்கிழமை காலையில் கடை திறந்ததும் பையன் அந்த வரியைத் திருத்துகிறான். தேதி இல்லாத விலை சந்தேகத்தைக் கொடுக்கும். பழைய தேதியோடு கிடக்கும் விலை அதைவிட மோசம்.

இரண்டாவது பின், கொட்டகையில் எடுத்த ஒரு நிமிடத்துக்கும் குறைவான ரீல். கொட்டை வெயிலில் காய்வது, ஆவியில் வேகுவது, அக்கா தங்கைகள் கைமெஷினில் உடைப்பது, தோல் நீக்குவது, ரகம் பிரிப்பது. பின்னணியில் பாட்டு வேண்டாம், கொட்டை உடையும் சத்தம் இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். இதன் வேலை நம்பிக்கை ஏற்படுத்துவது. முன்பணம் கேட்கும் முகம் தெரியாத கடைக்குப் பணம் அனுப்பத் தயங்குவது நியாயமே. ரீலின் கடைசியில் தெருவிலிருந்து தெரியும் கடை முகப்பும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணும் வருகின்றன.

மூன்றாவது, வாங்கும் வழி. எப்படி ஆர்டர் சொல்வது, பணம் எப்படி, எந்தக் கிழமைகளில் கூரியர் போகும், குறைந்தபட்சம் எவ்வளவு. அதோடு, பாண்டிச்சேரிக்கோ பிச்சாவரத்துக்கோ காரில் போகிறவர்கள் கடைக்கு நேரில் வர வழி. இந்தப் பதிவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தெளிவாக இருந்தால் போதும்.

பின் செய்யும்போது ஒரு சிறு தொழில்நுட்பம். கடைசியாகப் பின் செய்ததுதான் இடப்பக்கம் முதலில் வந்து நிற்கும். ஆகவே தலைகீழாகப் பின் செய்ய வேண்டும்: முதலில் வாங்கும் வழி, பிறகு கொட்டகை ரீல், கடைசியில் ரகம். நடுவில் ஒன்றை மட்டும் மாற்றினாலும் வரிசை கலையும். மூன்றையும் அவிழ்த்து மறுபடியும் தலைகீழாகப் பின் செய்தால் சரியாகிவிடும். இன்னொன்று, 2025 தொடக்கத்திலிருந்து முகப்புக் கட்டங்கள் சதுரமாக இல்லை, 3:4 அளவில் நெட்டையாகிவிட்டன. பழைய சதுரப் படங்களின் இரு ஓரமும் வெட்டுப்படுகின்றன. "ரகம்" என்று ஓரத்தில் எழுதினால் "கம்" மட்டும் தெரியும். எழுத்தை நடுவில் வைத்து, பதிவிட்ட பின் வேறொரு கைபேசியில் பக்கத்தைத் திறந்து பார்ப்பது நல்லது.

பழ ரீல் என்ன ஆயிற்று? பின்னை அவிழ்த்தோம், நீக்கவில்லை. புதியவர்களைக் கூட்டி வருவது அதுதான். அதன் கீழே கடையின் பெயரில் ஒரு கருத்து எழுதி, அந்தக் கருத்தைப் பின் செய்தோம்: "பழம் தூரத்துக்குத் தாங்காது, அனுப்ப முடியல. சீசன்ல தோப்புக்கு வந்தா சாப்பிடலாம். பருப்பு எந்த ரகம்னு பாக்க எங்க பக்கத்துல முதல் பதிவு." பரவிய பதிவை முகப்பில் வைப்பதைவிட, பரவிய பதிவிலிருந்து முகப்புக்கு ஒரு வழிகாட்டிப் பலகை நடுவது அதிகம் உதவியது. பழ ரீலிலிருந்து வந்தவர் முகப்பில் மறுபடி அதே பழ ரீலைப் பார்த்து என்ன செய்வார்?

ஸ்டோரி வரிசை

ஹைலைட் வட்டங்கள்தான் சிக்கலான பகுதி. காரணம், அவற்றின் ஒழுங்கு நாம் நினைத்தபடி இருக்காது. ஒரு ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்து காப்பகத்துக்குப் போகிறது. அதிலிருந்து எடுத்து ஹைலைட்டில் வைத்தால் முகப்பில் நிலைக்கிறது. இதற்கு அமைப்புகளில் ஸ்டோரிகளைக் காப்பகத்தில் சேமிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு விதிகள் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. ஒன்று, எந்த வட்டத்தில் கடைசியாக எதையாவது சேர்த்தோமோ அது இடப்பக்கம் முதலிடத்துக்கு ஓடிவிடும். இரண்டு, ஒரு வட்டத்துக்குள் இருக்கும் ஸ்டோரிகளை நம் விருப்பப்படி இழுத்து வரிசை மாற்ற முடியாது, பழையது முதலில் ஓடும்.

இரண்டாம் விதிக்கு ஒரே பாதுகாப்பு: முன்கூட்டியே முழுவதையும் தயாரித்துக்கொண்டு, ஒரே அமர்வில், ஒன்று முதல் கடைசி வரை அதே வரிசையில் பதிவிட்டு, அதே வரிசையில் ஹைலைட்டில் சேர்ப்பது. இன்று இரண்டு, நாளை மூன்று என்று போட்டுப் பிறகு ஒட்டலாம் என்றால் நடுவில் ஒரு திருவிழா வாழ்த்து புகுந்துவிடும். ஏதாவது ஒன்றில் பிழை கண்டால், அதற்குப் பின்வரும் எல்லாவற்றையும் மறுபடி போடுவதுதான் உறுதியான வழி. அதனால் வரிசையைச் சிறிதாக வைத்தோம்.

"கொட்டை முதல்" என்று பெயரிட்ட வட்டத்துக்கு எட்டு ஸ்டோரிகள். எங்கள் முதல் திட்டத்தில் அது தோப்பில் தொடங்கிக் கடையில் முடிந்தது, வேலை நடக்கும் வரிசைப்படி. அதை மாற்றி, முடிந்த பருப்பிலிருந்து தொடங்கினோம். முதல் ஸ்டோரியில் அக்காவின் உள்ளங்கையில் ஒரே ஒரு முழுப் பருப்பு, மேலே "இது உடையாம வர்றதுக்கு எத்தனை கை வேலை தெரியுமா?" இரண்டாவதில்தான் களத்தில் காயும் கொட்டை. மூன்றாவது ஆவியில் வேகுவது. நான்காவது உடைப்பு. அங்கே ஒரு பெரியம்மா தன் கையைக் காட்டுகிறார். கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், அதற்காகக் கையில் என்ன தடவிக்கொள்கிறார் என்பதை அவரே சொல்கிறார். ஐந்தாவது அடுப்பறையில் உலர்த்துவது, ஆறாவது தோல் நீக்குவது, ஏழாவது ரகம் பிரிப்பது. எட்டாவதில் பாக்கெட்டும் அதன் மேல் உள்ள தேதியும், "எந்த ரகம் உங்களுக்கு?" என்ற கேள்வியும், வாட்ஸ்அப்புக்குப் போகும் லிங்க் ஸ்டிக்கரும்.

படமாகப் போடும் ஸ்டோரி சில நொடிகளில் நகர்ந்துவிடும். எனவே ஒரு படத்தில் இரண்டு வரிக்கு மேல் எழுதவில்லை. மேலே கணக்குப் பெயரும் கீழே பதில் பெட்டியும் மறைக்கும் இடங்களில் எழுத்து வராமல் பார்த்துக்கொண்டோம். 1080-க்கு 1920 அளவுப் படத்தில் மேலே ஏறக்குறைய 250 பிக்சலும் கீழே 340 பிக்சலும் காலியாக விட்டால் பாதுகாப்பு. சத்தமில்லாமல் பார்ப்பவர்களுக்காகப் பெரியம்மா பேசுவதையும் எழுத்தில் கொடுத்தோம். "இன்று", "நாளை", "இந்த வாரம்" போன்ற சொற்களைத் தவிர்த்தோம். ஹைலைட்டில் நிற்கும் "இன்று" எந்த நாள் என்று ஆறு மாதம் கழித்து வருபவருக்கு எப்படித் தெரியும்?

மொத்தம் நான்கு வட்டங்கள் வைத்தோம்: "ரகம்", "கொட்டை முதல்", "ஆர்டர்", "வாங்கியோர்". நான்கும் ஒரே திரையில் தெரியும், விரலால் தள்ளத் தேவையில்லை. பெயரைச் சின்னச் சொல்லாக வைத்ததற்குக் காரணம், தமிழ் எழுத்துகள் அகலமானவை, நீண்ட பெயர் பாதியில் வெட்டுப்பட்டுப் புள்ளிகளாகிவிடும்.

இனி முதல் விதி. பையன் ஆர்வத்தில் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் அனுப்பிய படத்தை "வாங்கியோர்" வட்டத்தில் சேர்த்துக்கொண்டே இருந்தான். அது ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் முதலுக்கு ஓடியது. "ரகம்" நான்காவதாகிவிட்டது. புதியவர் முதலில் தொட்டது பாராட்டுகள் நிறைந்த வட்டம். இன்னும் என்ன கடை என்றே தெரியாதவருக்கு முன்னால் இருபது பேர் நன்றி சொல்கிறார்கள், அவர் ஏன் கேட்கவேண்டும்? இதற்குக் கண்ட தீர்வு எளிது. "வாங்கியோர்" வட்டத்தில் மாதம் ஒருமுறைதான் சேர்ப்பது. சேர்த்த உடனே மற்ற வட்டங்களிலும், வலமிருந்து இடமாக, காப்பகத்திலிருந்து ஏதாவது ஒரு ஸ்டோரியைச் சேர்த்து உடனே நீக்கிவிடுவது. கடைசியாகத் தொட்ட "ரகம்" முதலுக்கு வந்துவிடும். சில நிமிட வேலை. அந்தப் பாராட்டுச் செய்திகளில் வாடிக்கையாளர் பெயரும் எண்ணும் தெரியாமல் மறைத்த பிறகே போடுகிறோம். அவர்களைக் கேட்காமல் போடுவதில்லை.

இதே விதியால்தான் விலையை ஹைலைட்டில் வைக்கவில்லை. வாரம் ஒருமுறை மாறுவது எதுவோ அது வாரம் ஒருமுறை முதல் இடத்தைப் பிடிக்கும். விலை வட்டம் வைத்திருந்தால் ரகத்துக்கு முன்னால் விலை வந்து நின்றிருக்கும். அக்கா எதை வேண்டாம் என்றாரோ அதுவே நடந்திருக்கும்.

யார் எந்த வழியாக வந்தார்கள்

இதெல்லாம் வேலை செய்கிறதா என்று பார்க்க விருப்பக்குறிகளை எண்ணிப் பயனில்லை. பின் செய்த பதிவைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர் விருப்பக்குறி போடவேண்டும் என்று கட்டாயமில்லை. வாட்ஸ்அப் இணைப்பில் ஒரு வசதி இருக்கிறது. இணைப்பைத் தொட்டவுடன் செய்திப் பெட்டியில் முன்கூட்டியே சில எழுத்துகள் வந்து நிற்கும்படி செய்யலாம். ஒவ்வொரு வழிக்கும் வெவ்வேறு எழுத்து வைத்தோம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=RAGAM
https://wa.me/91XXXXXXXXXX?text=KOTTAI
https://wa.me/91XXXXXXXXXX?text=ORDER
```

91-க்குப் பிறகு கடையின் எண், இடைவெளியோ கூட்டல் குறியோ இல்லாமல். "RAGAM" என்று செய்தி வந்தால் அவர் ரகம் வட்டத்தின் கடைசி ஸ்டோரி வரை பார்த்தவர். அக்கா அவரிடம் ரகத்தை விளக்கத் தேவையில்லை, நேராக "எத்தனை கிலோ?" என்று தொடங்கலாம். அறிமுக வரியில் இருக்கும் இணைப்புக்கு "BIO" என்று தனி எழுத்து. சிலர் அந்த எழுத்தை அழித்துவிட்டுத் தங்கள் கேள்வியை எழுதுகிறார்கள், அதைத் தடுக்க முடியாது. ஆனாலும் வாரக் கடைசியில் வாட்ஸ்அப்பில் இந்தச் சொற்களைத் தேடினால் எந்த வழி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஸ்டோரிகளுக்குள் மக்கள் எங்கே விலகுகிறார்கள் என்பதை இன்ஸ்டாகிராமே காட்டுகிறது. அதற்குக் கணக்கு தொழில்முறைக் கணக்காக இருக்க வேண்டும். முன்னே தட்டியவர்கள், பின்னே தட்டியவர்கள், வெளியேறியவர்கள் என்று ஒவ்வொரு ஸ்டோரிக்கும் பிரித்துத் தரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது, பலரும் இதில் விழுகிறார்கள். அந்த எண்களில் முதல் 24 மணி நேரத்தில் பார்த்த பழைய வாடிக்கையாளர்களும் அடக்கம். நமக்குத் தெரியவேண்டியது புதியவர்களைப் பற்றி. எனவே ஸ்டோரி மறைந்த மறுநாள் ஒவ்வொன்றின் பார்வை எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டோம். ஒரு மாதம் கழித்து மறுபடி பார்த்துக் கழித்தால் மிஞ்சுவது ஹைலைட் வழியாக வந்தவர்கள் மட்டும்.

உதாரணமாக, மறுநாள் முதல் ஸ்டோரி 300, எட்டாவது 210 என்றும், ஒரு மாதம் கழித்து முதலாவது 500, எட்டாவது 250 என்றும் வைத்துக்கொள்வோம். மொத்தத்தைப் பார்த்தால் பாதிப் பேர் கடைசி வரை வந்ததாகத் தோன்றும். கழித்துப் பார்த்தால் புதியவர்கள் 200 பேர் தொடங்கி 40 பேர் முடித்திருக்கிறார்கள், ஐந்தில் ஒருவர். பழையவர்களின் பொறுமை புதியவர்களுக்கு இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

எங்கள் வரிசையில் இப்படிக் கழித்துப் பார்த்தபோது மூன்றாவது ஸ்டோரியில் சரிவு இருந்தது. ஆவியில் வேகும் காட்சி. நீளமான வீடியோ, புகைமூட்டம், ஆள் முகம் இல்லை. நான்காவதில் வரும் பெரியம்மாவை எட்டியவர்கள் பெரும்பாலும் கடைசி வரை நின்றார்கள். அவருக்கு அடுத்த ஸ்டோரியில் பின்னே தட்டியவர்களும் அதிகம், அதாவது அவர் கையை மறுபடி பார்த்திருக்கிறார்கள். முன்னே தட்டுவதைக் கண்டு கவலைப்படத் தேவையில்லை, படித்து முடித்தவரும் தட்டுவார். வெளியேறுவதுதான் இழப்பு. அடுத்த முறை வரிசையை மறுபடி போட்டபோது வேகவைப்பதைச் சில நொடிகளாகச் சுருக்கி, பெரியம்மாவை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தோம். வேலை நடக்கும் வரிசை கலைகிறதே என்று கொட்டகையில் ஒருவர் கேட்டார். பார்க்கிறவர் முந்திரி உடைக்கக் கற்க வரவில்லை, அதனால் எனக்கு அது உறுத்தவில்லை.

மாறியதும் மாறாததும்

பழம் கேட்டு வரும் செய்திகள் நிற்கவில்லை, குறைந்தன. "ரேட் என்ன?" என்பதும் நிற்கவில்லை. ஆனால் கேள்வியின் வடிவம் மாறியது. "320 அரை கிலோ, பாதி ஒரு கிலோ, கோயம்புத்தூருக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்?" என்று எண்ணோடு வரும் செய்திகளை அக்கா தனியாக நட்சத்திரம் போட்டு வைக்கிறார். அவருடைய கணக்கில் அதுதான் வெற்றி. கணவருக்கு வேறு ஒரு மாற்றம் பிடித்திருக்கிறது: சனி, ஞாயிறில் பாண்டிச்சேரியிலிருந்து வரும் கார்கள் நேராகக் கடைக்கு வருகின்றன, வழி கேட்டுத் தொலைபேசியில் அழைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். கடையில் கூட்டமாக நிற்கும்போது, இரண்டாவதாகப் பின் செய்த ரீலைப் பற்றி வந்தவர்களே பேசிக்கொள்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டால் ஆகாதவையும் உண்டு. ரீலை மட்டும் பார்த்துவிட்டுப் பெயரைத் தொடாமல் போகிறவருக்கு முகப்பு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஒன்றுதான். அவர்களை உள்ளே கொண்டுவருவது ரீலின் வேலை. ஊரில் இருக்கும் இனிப்புக் கடைகள், கல்யாண சமையல்காரர்கள் மொத்தமாக வாங்குவது தொலைபேசியில், நேர்ப்பழக்கத்தில். அவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. வாடிக்கையாகப் பக்கத்தைத் திறந்து புதிதாக என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பவருக்கு முதல் வரிசை எப்போதும் பழையதாகவே தெரியும். புதியது இரண்டாம் வரிசையில் தொடங்கும். அதனால் இரண்டாம் வரிசை வெகுநாள் பழையதாகக் கிடந்தால் மூன்று பின்களும் சேர்ந்து கடை மூடிவிட்டதோ என்று எண்ண வைக்கும். வாரம் ஒரு பதிவாவது வந்துகொண்டிருக்க வேண்டும்.

தீபாவளிக்கு முன் சில வாரங்கள் மட்டும் மூன்றாவது பின்னை மாற்றிப் பரிசுப் பெட்டியை வைக்க அக்கா விரும்புகிறார். வாங்கும் வழியை அந்தப் பெட்டிப் பதிவுக்குள்ளேயே கடைசிப் படமாகச் சேர்த்துவிடலாம் என்று பேசியிருக்கிறோம். பண்டிகை முடிந்த மறுநாள் மூன்றையும் அவிழ்த்துப் பழைய வரிசையில் மறுபடி பின் செய்யும் வேலை பையனுடையது. அதைக் கைபேசி நாட்காட்டியில் குறித்திருக்கிறான். காலாவதியான தள்ளுபடி அறிவிப்பு மாதக்கணக்கில் முகப்பில் நின்றதற்கு முன்பு யாரும் அப்படிக் குறித்து வைக்காததுதான் காரணம்.

பங்குனி, சித்திரையில் தோப்பில் பழம் வந்ததும் பழ ரீல் மறுபடி தலைதூக்கும் என்று எதிர்பார்க்கிறோம். அப்போது அதன் கீழே பின் செய்த கருத்துக்குப் பதிலாக, தோப்புக்கு வரும் நாளையும் நேரத்தையும் சேர்த்து எழுதிய புதிய கருத்தைப் பின் செய்யவேண்டும். எந்தத் தோப்பு, யார் வழிகாட்டுவார் என்பதை அக்காவின் கணவர் இன்னும் முடிவு செய்யவில்லை.